வலிக்கு முன்னனுமதி

பிரிக்பீல்ட்ஸில், ரயில் போகிற சத்தம் பாத்திரங்களை அதிரவைக்கும் ஒரு சந்துக்குள், நற்பண்பு மகளிர் கல்லூரியின் விடுதி இருக்கிறது. வெளியூர்ப் பெண்பிள்ளைகள் பத்திரமாகத் தங்கிப் படிக்கட்டும் என்று பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து கட்டியது. பத்திரம் என்றால் அப்படியொரு பத்திரம். உள்ளே வந்த கொசுகூட வார்டனின் கையெழுத்து இல்லாமல் வெளியே போக முடியாது.

அந்த விடுதிக்கு நிறைய விதிகள் உண்டு. அவற்றில் இரண்டைச் சொன்னால் போதும். முதலாவது, வகுப்பு நேரத்தில் எந்த மாணவியும் அறையில் இருக்கக்கூடாது. உடம்பு சரியில்லை என்றால் வார்டனுக்குக் கடிதம் எழுதி, அதைத் தன் கையாலேயே நேரில் கொடுக்க வேண்டும். தோழி மூலம் கொடுத்தனுப்பினால் செல்லாது. இரண்டாவது, வார்டன் அலுவலகத்துக்குப் போக ஒரே ஒரு நடைபாதைதான். அதில் பூசை அறை இருக்கிறது. மாதவிலக்கான பெண்கள் பூசை அறையைத் தாண்டி நடக்கக்கூடாது. இந்த இரண்டு விதிகளையும் வெவ்வேறு வருடங்களில், வெவ்வேறு கமிட்டிகள் எழுதின. இரண்டும் ஒரு நாள் நடைபாதையில் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும் என்று இரண்டு கமிட்டிக்கும் தோன்றவில்லை. கமிட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள்; அவர்களுக்கு அந்த நடைபாதை எப்போதும் திறந்தே இருந்தது.

ஷாமினி மேரு என்ற சிற்றூரிலிருந்து வந்தவள். அப்பா லோரி ஓட்டுகிறார், அம்மா கையுறை ஃபேக்டரியில் நிற்கிறார். கணக்கியல் டிப்ளோமா, இரண்டாம் ஆண்டு, உதவித்தொகையில் படிப்பு. நன்றாகப் படிக்கிற பிள்ளை. அவளுக்கு இருந்த ஒரே ஒழுங்கீனம் அவளுடைய கர்ப்பப்பை.

முன்பெல்லாம் சுடுதண்ணீர்ப் பையோடு சமாளித்துவிடுவாள். கடந்த ஒரு வருடமாக அது மாறிவிட்டது. முதல் நாள் அடிவயிற்றைப் பிடித்து முறுக்கும். முறுக்கு இடுப்பு வழியாகத் தொடைக்கு இறங்கும். உடம்பு சில்லென்று வியர்க்கும். குடித்த தேத்தண்ணீர் அப்படியே வெளியே வரும். இரண்டு தடவை மயங்கி விழுந்தாள். அப்படிப்பட்ட நாட்களில் அறையிலும் இருக்க முடியாது, வகுப்பிலும் உட்கார முடியாது என்பதால், கல்லூரிக் கழிவறையின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். அதெல்லாம் வருகைப் பதிவில் 'காரணமின்றி வராமை' என்று ஏறிக்கொண்டே வந்தது. வார்டன் கையெழுத்து போட்ட விடுப்புத்தாள் இருந்தால்தான் காரணம், காரணமாகும். இன்னும் ஒரே ஒரு நாள் அப்படிப் போனால் இறுதிப் பரீட்சை எழுத விடமாட்டார்கள். பரீட்சை எழுதாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும். உதவித்தொகை நின்றால் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று கையுறை எண்ண வேண்டியதுதான்.

அதனால் இந்த முறை வலி வந்த காலையில், அறைத்தோழி ரமணி சொன்னபடி, முறையாகக் கடிதம் எழுதினாள்.

'மதிப்பிற்குரிய வார்டன் அவர்களுக்கு. பொருள்: மருத்துவ விடுப்பு கோருதல். எனக்கு இன்று கடுமையான மாதவிடாய் வலி. வாந்தியும் தலைசுற்றலும் இருப்பதால் வகுப்புக்குச் செல்ல இயலவில்லை. இன்று ஒரு நாள் அறையில் ஓய்வெடுக்க அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

பணிவுக்கு ஒரு குறையும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்துபோய்க் கொடுத்தாள்.

வார்டன் சிவமலர் நல்ல பெண்மணி. வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம், நெற்றியில் நீறு, நாக்கில் தேவாரம். யாழ்ப்பாணத்திலிருந்து அவர் பாட்டனார் ரயில்வே குமாஸ்தாவாக வந்து இறங்கிய நாளிலிருந்து அந்தக் குடும்பத்தில் யாரும் ஒரு விதியையும் மீறியதில்லை. கடிதத்தை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

"என்ன பிள்ளை, இப்பிடிப் பச்சையா எழுதி வச்சிருக்கிறாய்?"

"என்னன்னு எழுதணும், மேடம்?"

"இந்த ஃபைல் கமிட்டித் தலைவரின்ர மேசைக்குப் போகும். அவர் ஒரு ஆம்பிளை. அதோட பக்திமான். சாப்பிட்டுப்போட்டு வந்து இருந்து இதை வாசிக்கவே?" சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். முகம் மாறியது. "நில்லு. இந்தக் கடிதத்தை எப்பிடிக் கொண்டந்தனீ?"

"நடந்துதான் மேடம்."

"எந்த வழியால?"

"ஒரு வழிதானே இருக்கு, மேடம்."

சிவமலர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஐயோ முருகா! துடக்கோட பூசை அறையைத் தாண்டி வந்ததுமில்லாம, அதை எழுத்திலயும் தாறாய்!"

ஷாமினி வசமாக மாட்டிக்கொண்டாள். கடிதம் கொடுக்காவிட்டால் ஒரு விதியை மீறியவள், கொடுத்தால் இன்னொன்றை மீறியவள். கொடுத்த கடிதமே குற்றத்துக்குச் சாட்சி. மஞ்சள் தண்ணீர் வாளி வந்தது, நடைபாதை கழுவப்பட்டது. தரை காயும்வரை யாரும் நடக்கக்கூடாது என்பதால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலுவலக வாசலிலேயே நின்றாள். உட்காரலாமா என்று கேட்டாள். நாற்காலிக்கும் பிறகு தண்ணீர் தெளிக்க வேண்டிவரும் என்றார் வார்டன். உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நானும் பொம்பிளைதானே பிள்ளை, எனக்கு விளங்காதே? வேற ஏதும் மரியாதையான நோய் வருத்தமா எழுதித் தா. வயித்து வலி எண்டு எழுதன். பொய்யும் இல்லை."

ஷாமினி அங்கேயே நின்றபடி 'வயிற்று வலி' என்று எழுதிக் கொடுத்தாள். அது எவ்வளவு பெரிய தப்பு என்று வார்டனுக்கே அப்போதுதான் உறைத்தது. விடுதியில் வயிற்று வலி என்று எழுத்தில் வந்தால், சாப்பாட்டில் கோளாறு என்று அர்த்தம். உடனே சமையலறையை மூடி விசாரிக்க வேண்டும். செய்தி சமையல்கார நல்லம்மாளின் காதுக்குப் போய்ச் சேர அதிக நேரம் பிடிக்கவில்லை. அவர் கரண்டியோடு வந்து நின்றார்.

"ஏம்மா, என் சாப்பாட்டுலயா வயித்து வலி? இத்தன பிள்ளைங்க சாப்புட்டாங்க, உனக்கு மட்டும் என்னா? நேத்து ராத்திரி வச்ச சாம்பார நானே குடிச்சேன்!"

"சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு ஆன்டி. இது வேற வலி."

"என்னா வேற?"

ஷாமினி வார்டனைப் பார்த்தாள். வார்டன் முருகன் படத்தைப் பார்த்தார். நல்லம்மாள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, ஒரு பெண் இன்னொரு பெண்ணைப் பார்த்துப் புரிந்துகொள்கிற மாதிரி புரிந்துகொண்டார். "அட, இதுக்கா? சொல்லித் தொலைய வேண்டியதுதானே லா. சுக்குத் தண்ணி வச்சுத் தரேன்," என்று கரண்டியோடு திரும்பிப் போனார். அந்தக் கட்டடத்தில் அன்றைக்கு நடந்த ஒரே வைத்தியம் அதுதான். ஆனால் அதற்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை.

கடிதத்தைத் திரும்பப் பெற்றாயிற்று. மூன்றாவதாக என்ன எழுதுவது? தலைவலிக்கு விடுப்பு கிடையாது. இரண்டு பனடோல் மாத்திரை மட்டும்தான். ரொம்ப யோசித்து, "காய்ச்சல் எண்டு போடு. காய்ச்சலில ஒருத்தரும் குறை சொல்லேலாது," என்றார் வார்டன்.

சொன்னதுதான் தாமதம், காய்ச்சலுக்கு உண்டான நடைமுறை விழித்துக்கொண்டது. போன வருடம் பக்கத்துச் சந்தில் டெங்கி வந்ததிலிருந்து, காய்ச்சல் என்று ஒரு வார்த்தை பதிவானாலே கட்டடம் முழுக்கக் கொசுப்புகை அடிக்க வேண்டும் என்று கமிட்டி தீர்மானம் போட்டிருந்தது. தனியார் ஆள் ஒருவர் முதுகில் இயந்திரத்தோடு வந்து இறங்கினார். எல்லாரும் வெளியேற வேண்டும்; அந்த அவசரத்தில் ஷாமினி மறுபடி பூசை அறையைத் தாண்டியதை யாரும் கவனிக்கவில்லை. ஆக, அறையில் படுக்க அனுமதி கேட்டவள், அந்த அனுமதி கிடைத்த காரணத்தாலேயே அறையை விட்டு வெளியேற்றப்பட்டு, வெயிலில் வாசல் கேட் ஓரமாக நின்றாள். புகை அழகாக வந்தது. ஷாமினி காவல்காரர் தம்புசாமியின் நாற்காலிக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்துவிட்டு, அப்படியே சரிந்து விழுந்தாள்.

"யாரும் வெளிய போகக்கூடாதுன்னு ஆர்டர்," என்றார் தம்புசாமி. பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "புகை ரொம்ப அடிக்குது, எனக்குக் கண்ணே தெரியல. கேட்டு தொறந்திருக்கான்னுகூடத் தெரியல," என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ரமணி ஒரு கிராப் டாக்சி பிடித்து அவளை ஏற்றிக்கொண்டு போனாள்.

கிளினிக்கில் டாக்டர் ஜனகா அவளைப் படுக்க வைத்து, கேள்வி கேட்டார். எப்போதிலிருந்து இப்படி? வருடா வருடம் கூடுகிறதா? கட்டி கட்டியாகப் போகிறதா? மலம் கழிக்கும்போது வலிக்கிறதா? மாதவிடாய் இல்லாத நாட்களிலும் அடிவயிறு வலிக்கிறதா? இவ்வளவு நேரம் ஒரு கட்டடமே அவளைச் சுற்றி ஓடியிருக்கிறது. அதில் ஒருவர்கூட இந்தக் கேள்விகளில் ஒன்றையும் கேட்கவில்லை. ஷாமினிக்கு அழுகை வந்துவிட்டது.

"இங்க பாருமா," என்றார் டாக்டர். "பொம்பளன்னா வலிக்கத்தான் செய்யும்னு சொல்லுவாங்க. கொஞ்சம் வலி எல்லாருக்கும் இருக்கும், ஓகே. ஆனா வாந்தி எடுத்து மயங்கி விழற அளவுக்கு வலி, அதுவும் வரவர கூடுதுன்னா, அதைப் பாக்கணும். கர்ப்பப்பைக்கு உள்ள வளர வேண்டிய திசு மாதிரி ஒண்ணு வெளிய வளரலாம். வேற காரணமும் இருக்கலாம். ஸ்கேனுக்கும் ஸ்பெஷலிஸ்டுக்கும் லெட்டர் தரேன். ஸ்கேன்ல ஒண்ணும் தெரியலன்னாலும் ஒண்ணும் இல்லன்னு அர்த்தமில்ல, விடாம போயிப் பாரு. இந்த மாத்திரைய வலி முத்தின பிறகு போடாத. ஆரம்பிக்கும்போதே போடு, சாப்பிட்டுட்டுப் போடு. வெறும் வயித்துல கூடாது."

எம்சி என்கிற மருத்துவச் சான்றிதழும் எழுதிக் கொடுத்தார். பெயர், தேதி, இன்று பணிக்குத் தகுதியில்லை என்ற ஒரு வரி. அவ்வளவுதான்.

அந்த எம்சியை வார்டன் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். நோயின் பெயர் எங்கே? கிளினிக்குக்கு ஃபோன் போட்டார். நோயாளியின் நோயை மற்றவர்களிடம் சொல்ல மாட்டோம் என்று டாக்டர் பதில் சொன்னார். "சொல்லாத வருத்தத்துக்கு எப்பிடி லீவு குடுக்கிறது?" என்று கேட்டார் சிவமலர். அன்று காலை அந்த வருத்தத்தைச் சொன்னதற்காகத்தான் நடைபாதையைக் கழுவினார்கள் என்பது அவருக்கு நினைவுக்கு வரவில்லை. விஷயம் கமிட்டிக்குப் போயிற்று.

கமிட்டி கூடியபோது ஷாமினி தேறியிருந்தாள். அதனால் பூசை அறையைத் தாண்டி வர சட்டப்படி தகுதி பெற்றிருந்தாள். தலைவர் சிவகுருநாதன், அரசாங்கத்தில் பெரிய பதவி வகித்து ஓய்வு பெற்றவர், நடுவில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் ஆண்கள். சிவமலர் ஓரமாக நின்றார். அவருக்கு ஓட்டுரிமை இல்லை, தேநீர் ஊற்றும் பொறுப்பு மட்டும் உண்டு.

தலைவர் தொண்டையைச் செருமினார். எதிரில் ஒலிவாங்கி இல்லாதது ஒன்றுதான் குறை.

"மகளே, பெண்மையைத் தெய்வமாகப் போற்றுவது நம் மரபு. அதனால்தான் அந்த நாட்களில் உங்களைத் தெய்வத்தின் பக்கத்தில் விடுவதில்லை. இந்த விடுதியில் இத்தனை ஆண்டுகளாக ஒரு பெண்ணுக்கும் இந்த வலி வந்ததாகப் பதிவே இல்லை. வந்திருந்தால் எழுதியிருப்பார்கள் அல்லவா? எழுதினால் நாங்கள் அனுமதித்திருக்க மாட்டோம், அது வேறு விஷயம். என் மனைவி இதைப்பற்றி என்னிடம் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்படி வளர்ந்தவள் அவள்."

எல்லாரும் தலையாட்டினார்கள். அவர் தொடர்ந்தார்.

"இனி விதிக்கு வருவோம். அவசர விடுப்பு என்பது எதிர்பாராததற்கு. உன்னுடையது மாதாமாதம் வருகிறது என்கிறாய். எதிர்பார்த்ததை அவசரம் என்று சொல்லலாமா? எதிர்பார்த்ததற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்."

"சார், அது தேதி பாத்து வராது. சில மாசம் அஞ்சாறு நாள் முன்னப் பின்ன ஆகும்."

"அப்படியானால் ஒழுங்கில்லாதது. ஒழுங்கில்லாததற்கு ஒரு ஒழுக்க நிறுவனம் எப்படி விடுப்புத் தரும்?"

ஷாமினி வாயைத் திறந்தாள். என்ன சொன்னாலும் அதற்கென்று ஒரு விதி வாசலில் காத்திருக்கிறது என்று தெரிந்ததால் மூடிக்கொண்டாள். அவளுக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. அந்த ஒரு நாளை வராமையில் சேர்த்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

ஆனால் கமிட்டி கருணையுள்ள கமிட்டி. இந்த ஒரு முறை எம்சியை ஏற்றுக்கொள்கிறோம், அடுத்த மாதத்துக்கு இப்போதே விண்ணப்பித்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. ஷாமினி விரல்விட்டுக் கணக்குப் பார்த்து ஒரு புதன்கிழமையைச் சொன்னாள். தலைவரே பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டார். விடுதி வரலாற்றில் இதுதான் முதல் முன்னனுமதி என்று படமும் எடுத்துக்கொண்டார்கள். தாளின் கீழே நிபந்தனைகள் இருந்தன. விடுப்பு நாள் முழுவதும் விடுதியில் நோயாளிகளுக்கென ஒதுக்கிய ஓய்வறையிலேயே இருக்க வேண்டும். கேட்டைத் தாண்டக்கூடாது, முன்பு ஒருத்தி தலைவலி என்று சொல்லிவிட்டு மிட்வேலி மாலில் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். அனுமதித்த விடுப்பை ரத்து செய்ய வேண்டுமானால், வார்டனிடம் நேரில் கடிதம் தர வேண்டும்.

படிக்கிற பிள்ளைதான். ஆனாலும் கிடைத்த சந்தோஷத்தில் யார் கடைசி வரியைப் படிக்கிறார்கள்?

பரீட்சை அட்டவணை அதற்கப்புறம்தான் வந்தது. கணக்குத் தணிக்கைப் பாடம், புதன்கிழமை காலை. அதே புதன்கிழமை. ஷாமினி அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. நல்லவேளையாக, அவள் உடம்பு தலைவரின் கையெழுத்தை மதிக்கவில்லை. முந்தின வியாழக்கிழமையே வந்துவிட்டது. படிப்பு விடுமுறை வாரம், வகுப்பு இல்லை. அறிகுறி தெரிந்ததுமே இரண்டு வாய் சோறு சாப்பிட்டு மாத்திரையைப் போட்டாள். வலி போகவில்லை, ஆனால் வாந்தி இல்லை, மயக்கம் இல்லை. வயிற்றில் சுடுதண்ணீர்ப் பையைக் கட்டிக்கொண்டு வாசிப்பறையில் உட்கார்ந்து படித்தாள். ஒரு வருடத்தில் முதல் முறையாக வலியும் அவளும் ஒரே அறையில் இருக்க முடிந்தது.

செவ்வாய்க்கிழமை எல்லாம் நின்றுவிட்டது. இனி அந்த லீவு வேண்டியதில்லை என்று அனுமதித் தாளை மறந்தே போனாள். தலைமுழுகி, மாலை பூசைக்குப் போய், பரீட்சை நல்லபடியாக முடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற சிவமலரே அவள் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். "நல்லா எழுது பிள்ளை," என்று வாழ்த்தவும் செய்தார்.

புதன்கிழமை காலை ரமணியும் அவளும் பேனாவும் கால்குலேட்டருமாகக் கேட்டுக்கு வந்தார்கள். தம்புசாமி ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். முகம் சுருங்கிப்போயிற்று.

"நீ போக முடியாதேமா. இன்னைக்கி நீ லீவு."

"அங்கிள், எனக்கு இன்னைக்கி பரீட்சை! லீவு வேணாம், நான் நல்லாத்தான் இருக்கேன்."

"எனக்குத் தெரியுது. தாளுக்குத் தெரியலயே. போன தடவ புகையில கேட்டு தொறந்து வச்சேன்னு விளக்கம் கேட்டு ஷோகாஸ் லெட்டர் குடுத்துட்டாங்க. இந்த வயசுல வேற எங்க போயி வேல கேப்பேன், சொல்லு."

ரமணி எவ்வளவோ சண்டை போட்டாள். அவளுக்கும் அதே பரீட்சை. ஷாமினிதான் அவளைப் பிடித்துத் தள்ளினாள். "நீயாச்சும் போ லா! லெக்சரர்கிட்ட சொல்லு." ரமணி அழுதுகொண்டே ஓடினாள். தம்புசாமி தன் ஃபோனிலேயே வார்டனை அழைத்து ஷாமினி கையில் கொடுத்தார்.

"மேடம், லீவை கேன்சல் பண்ணுங்க மேடம், ப்ளீஸ். பரீட்சைக்கு நேரமாச்சு."

"அதுக்கென்ன பிள்ளை, செய்யலாம். ஒரு கடிதம் எழுதி நேரில கொண்டந்து தா. உடன கையெழுத்து வைக்கிறன்."

"இதோ, இப்பவே வரேன் மேடம்!"

"நில்லு நில்லு. எப்பிடி வருவாய்? பூசை அறையைத் தாண்டேலாதே."

"ஏன் மேடம்?"

"நீ லீவில நிக்கிறாய். லீவு என்னத்துக்கு எடுத்தது? எழுத்தில இருக்குதெல்லோ."

"மேடம், அதெல்லாம் முடிஞ்சு போச்சு! நேத்து உங்க பக்கத்துலதானே நின்னு சாமி கும்பிட்டேன்! நீங்கதானே விபூதி வச்சீங்க!"

 சிவமலர் கல்நெஞ்சுக்காரி இல்லை.

"எனக்குத் தெரியும் பிள்ளை. ஆனா தாளில இண்டைக்கெல்லோ உனக்குத் துடக்கு. தலைவர் கையெழுத்து வச்சது. அவற்ற கையெழுத்தை நான் பொய்யெண்டு சொல்லேலுமே? நீ சுத்தமா இருக்கிறாய் எண்டதை ஒரு கடிதத்தில எழுதித் தா, கமிட்டிக்கு அனுப்புறன். ஆரும் கொண்டந்து தரேலாது, தெரியும்தானே. நீதான் நேரில வரவேணும்."

"வர விடமாட்டேங்கிறீங்களே மேடம்!"

"அது லீவு முடிஞ்சாப்பிறகு வரலாம். நாளைக்கு வா."

ஃபோன் வைக்கப்பட்டது. தம்புசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை ஓய்வறைக்கு அழைத்துப் போனார். சுத்தமான அறைதான். வெள்ளை விரிப்பு, மின்விசிறி, ஜன்னலில் கம்பி. அந்த ஜன்னல் வழியே கல்லூரியின் மாடி தெரிந்தது. பரீட்சைக் கூடத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது.

வார்டன் சொல்லியனுப்பியதாக நல்லம்மாள் ஒரு சுடுதண்ணீர்ப் பையும் சுக்குத் தண்ணீரும் கொண்டுவந்து வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்க முடியாமல் போய்விட்டார். ஒரு வருடமாகக் கெஞ்சிக் கேட்டதெல்லாம் கட்டிலைச் சுற்றி ஒன்றுவிடாமல் இருந்தது. வலி மட்டும் இல்லை.

ஷாமினி பரீட்சைக்கு வைத்திருந்த பேனாவை எடுத்தாள். ஒரு தாளை மடியில் வைத்து, இதற்குள் பழகிப்போன கையால் எழுதத் தொடங்கினாள்.

'மதிப்பிற்குரிய வார்டன் அவர்களுக்கு. பொருள்: இன்று நலமாக இருப்பதற்கு அனுமதி கோருதல்.'